குவியம் வேண்டாம், மூச்சு இருக்கட்டும்: ஒரு கலைச்சொல் விவாதம்

கையேட்டுத் தொகுப்பாளர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். தொலைக்காட்சி நாடகங்களில் புதிதாகச் சேரும் கேமரா உதவியாளர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். ஃபோகஸை அருகிலிருந்து தூரத்துக்கோ, தூரத்திலிருந்து அருகுக்கோ மாற்றும்போது ஃப்ரேமும் சேர்ந்து கொஞ்சம் விரியும் அல்லது ஒடுங்கும். நம் ஆட்கள் "பிரீத்திங்" என்பார்கள். "குவிய மாற்றம்" என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் பாடநூல்களில் குவியத்தூரம் என்று படித்து வந்த பையன் அதைச் சூம் செய்வது என்றே எடுத்துக்கொள்வான். ஃபோகஸுக்கும் குவியம், லென்ஸின் மி.மீ. அளவுக்கும் குவியம் என்று ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வேறு என்ன சொல்லலாம்?

திருமணப் படப்பிடிப்பாளர், கிள்ளான்

அக்கா, இது எளிதுதான். சூம் லென்ஸுக்கு மட்டும் வரும் குறை இது, சூம் செய்ய முடியாத பிரைம் லென்ஸில் இருக்காது. அதனால் "சூம் தளர்வு" என்று வைத்துவிடலாம். என் 70-200இல் 200 மி.மீ. வைத்துக்கொண்டு மணமகளின் கையருகே போனால், 200 மாதிரியே தெரியாது, குறைந்துவிடும்.

ஃபோகஸ் உதவியாளர், செந்தூல்

தம்பி, உங்கள் 70-200 பற்றிச் சொன்னது சரி. உள்ளே இருக்கும் கண்ணாடிகளை மட்டும் நகர்த்தி ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களில் கிட்டே போகப் போகக் குவியத்தூரமே குறையும். 2009இல் வந்த நிக்கான் 70-200 எஃப் 2.8இன் இரண்டாம் பதிப்பு அதற்குப் பேர்போனது. மிக அருகில் வைத்தால் 200, ஏறக்குறைய 135 போலக் காட்டும்.

ஆனால் பிரைமில் இல்லை என்பது தவறு. நான் 14 வருடமாக ஃபோகஸ் பிடிக்கிறேன், எனக்கு அதிகம் தொல்லை தந்தது ஒரு பழைய 85 பிரைம்தான். கண்ணாடித் தொகுதி முழுவதுமாக முன்னால் நகர்ந்து ஃபோகஸ் ஆகும் வகை அது. அதில் கதை தலைகீழ், கிட்டே ஃபோகஸ் போனால் ஃப்ரேம் ஒடுங்கும்.

ஒரு நாடகக் காட்சி. முன்னால் 1.5 மீட்டரில் மகள், பின்னால் 4 மீட்டரில் சமையலறை வாசலில் அம்மா. மகள் பேசி முடித்ததும் ஃபோகஸ் அம்மாவுக்குப் போக வேண்டும். 85 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் பிம்பம் விழும் தூரம், 1.5 மீட்டருக்குச் சுமார் 90.1 மி.மீ., 4 மீட்டருக்குச் சுமார் 86.8 மி.மீ. ஆக, ஃபோகஸ் அம்மாவிடம் போகும்போது படத்திலுள்ள எல்லாமே நூற்றுக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் மேல் சுருங்குகிறது. 3840 பிக்சல் அகலப் படத்தில், ஓரத்தில் நின்ற கதவு நிலை ஏறக்குறைய 70 பிக்சல் உள்ளே நகர்ந்துவிடும். நாங்கள் மறைத்து வைத்த விளக்கு ஸ்டாண்ட் ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்த்தது! மானிட்டரில் நான் அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. எடிட்டிங்கில்தான் பிடித்தார்கள்.

ஆகவே பிரைமா சூமா என்று கேட்பதைவிட, அந்த லென்ஸ் எப்படி ஃபோகஸ் செய்கிறது என்று கேட்க வேண்டும். சினிமாவுக்கென்றே செய்யப்படும் நல்ல லென்ஸ்களில் பல தொகுதிகளைச் சேர்த்து நகர்த்தி இதை அடக்கியிருப்பார்கள். எடையும் விலையும் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செட்டில் நாங்கள் சொல்வது "இந்த லென்ஸ் மூச்சு வாங்குது". அதையே எழுதிக்கொள்ளுங்கள் அக்கா.

வாய்மொழி வரலாறு பதிவு செய்பவர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

இது எனக்கும் நடந்தது! லெபோ பாசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டில் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவரைப் பேட்டி எடுத்தேன். ஐயா பேசப் பேச முன்னால் சாய்வார், பின்னால் போவார். 85 பிரைம், எஃப் 1.8, ஆட்டோஃபோகஸ். வீட்டில் போட்டுப் பார்த்தால் அவருக்குப் பின்னால் இருந்த மரச்சட்டச் சன்னல் 40 நிமிடமும் துடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் பேட்டிக்கு சூம்தான் நல்லதா?

ஃபோகஸ் உதவியாளர், செந்தூல்

அண்ணே, உங்களுடையது பாதிதான் மூச்சு. அவர் 2 மீட்டரில் உட்கார்ந்து 20 செ.மீ. முன்னால் சாய்ந்தார் என்று வையுங்கள். அதே கணக்கில் ஓரம் நகர்வது 10 பிக்சல் அளவுதான். ஒருமுறை மெதுவாக நகர்ந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆட்டோஃபோகஸ் இடம் தேடி முன்னும் பின்னும் தடுமாறியதால்தான் அது துடிப்பாகத் தெரிந்தது. லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, அவர் சாயும் தூரத்தின் நடுவில் கையால் ஃபோகஸ் வைத்திருந்தால் அவர் சாய்ந்தபோதும் முகம் தெளிவாகவே இருந்திருக்கும், சன்னலும் அசையாது.

இன்னொன்றும் கலந்திருக்கலாம். தெளிவிழந்த பொருள் இருந்த இடத்திலேயே நின்று எல்லாப் பக்கமும் பெருக்கும், அது வெறும் மங்கல். மூச்சில் பொருளே ஃப்ரேமின் நடுவை விட்டு விலகும் அல்லது நடுவை நோக்கி வரும். பிரித்துப் பார்க்க, டிரைபாடில் வைத்து எஃப் 8, எஃப் 11 என்று இறக்கி, ஓரத்தில் ஒரு கதவு நிலை வருகிற மாதிரி அமைத்து, ஃபோகஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். 1.8இல் செய்தால் மங்கல் ஏமாற்றிவிடும்.

பேட்டிக்கு நானும் 24-70 சூம்தான் எடுத்துப்போவேன், ஆனால் காரணம் வேறு. கடைவீட்டில் நாற்காலியையும் நகர்த்த முடியாது, சுவரையும் நகர்த்த முடியாது. ஒரு கேள்வி முடிந்து அடுத்த கேள்விக்குள் 35இலிருந்து 60க்குப் போனால் பிறகு வெட்டி ஒட்ட வசதி. ஆனால் ஸ்டில் கேமரா சூம்களில் பெரும்பாலும் அளவை மாற்றினால் ஃபோகஸும் விலகும். ஒவ்வொரு முறையும் கண்ணில் மறுபடி ஃபோகஸ் வைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பட்டர்வொர்த்

எனக்குக் கேமரா தெரியாது, சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "மூச்சு வாங்குது" என்றால் இளைப்பு என்றுதான் பொருள். மாடி ஏறிய மனிதருக்கு மூச்சு வாங்கும். படிப்பவர் லென்ஸ் பழசாகிவிட்டது என்று நினைப்பார். விம்முதல் என்றால் பருத்தல், பெருத்தல். "சட்டக விம்மல்" எனலாமே?

கையேட்டுத் தொகுப்பாளர், பிரிக்பீல்ட்ஸ்

டீச்சர், அழகான சொல். ஆனால் இன்றைய பையனுக்கு விம்மல் என்றால் அழுகைதான். நாடக செட்டில் "இந்த ஷாட்டில் விம்மல் இருக்கு" என்றால் நடிகை திரும்பிப் பார்ப்பார். விம்மல் பெருப்பதை மட்டும் சொல்லும், ஒடுங்குவதைச் சொல்லாது. மூச்சுக்கு உள்ளும் உண்டு, வெளியும் உண்டு. நீங்கள் சொன்ன இளைப்பு "வாங்குது" என்ற வினையில்தான் இருக்கிறது. "சட்டகம்" என்ற உங்கள் முன்சொல்லை எடுத்து "சட்டக மூச்சு" என்று வைத்தால்? நகர்வது லென்ஸுக்குள் என்றாலும் கண்ணுக்குத் தெரிவது சட்டகத்தில்தானே. இது இல்லாத லென்ஸ், "மூச்சடங்கிய லென்ஸ்".

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பட்டர்வொர்த்

சட்டக மூச்சு சரி. மூச்சடங்கியது என்றால் இறந்தது அம்மா! அதை மட்டும் மாற்றுங்கள்.

திருமணப் படப்பிடிப்பாளர், கிள்ளான்

இன்று காலை என் 50 பிரைமை எஃப் 11இல் வைத்து வீட்டு வாசலில் பார்த்தேன். கிட்டே வரும்போது கதவு நிலை ஃப்ரேமுக்கு வெளியே போகிறது. 70-200இல் எதிர்ப்பக்கம், உள்ளே வருகிறது. சோனி ஏ7 ஃபோர் மாதிரி கேமராக்களில் இதை ஈடுகட்டும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?

ஃபோகஸ் உதவியாளர், செந்தூல்

அது ஃப்ரேமை ஓரத்தில் கொஞ்சம் வெட்டித்தான் சமன் செய்யும், அதற்கேற்ற லென்ஸாகவும் இருக்க வேண்டும். என் பழைய 85க்கு உதவாது.

அக்கா, வாடகைக் கடையிலிருந்து வரும் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். இனி அதில் "சட்டக மூச்சு: கிட்டே ஒடுங்கும்" அல்லது "கிட்டே விரியும்" என்று எழுதுகிறேன். இரண்டும் இல்லாததற்குச் சொல் கிடைக்கும்வரை அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவைக்கிறேன்.