கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி நிரப்பும் முன் ஒரு சந்தேகம்: தரை ஜாலி பைப்பை எங்கே சேர்ப்பது?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
வணக்கம். தரைத்தளத்தில் நாலுக்கு ஆறு அடி அறை, குளியலும் அதிலேயே. லாங் பேன் கோப்பை, பி டிராப், தனியாக இரண்டு ஃபுட் ரெஸ்ட். கோப்பையை மட்டம் பார்த்து உட்கார வைத்தாச்சு, சுற்றி இன்னும் நிரப்பவில்லை. குளிக்கிற தண்ணீர் வடிய மூலையில் இருக்கும் ஜாலிக்கு மேஸ்திரி 75 மி.மீ. பைப் போட்டு, செப்டிக் டேங்குக்குப் போகும் 110 மி.மீ. லைனில் நேராகச் சேர்த்திருக்கிறார். டேங்க் பழைய வீட்டுடையது, புழக்கத்தில் இருக்கிறது. இப்போதே ஜாலி ஓட்டையில் நாற்றம் வருகிறது. டைல்ஸ் போட்டால் நின்றுவிடுமா?

பர்கூர்:
டேங்குக்கு வென்ட் பைப் இருக்கா? அதை மொட்டைமாடிக்கு மேலே தூக்கிவிடுங்கள், நாற்றம் போய்விடும்.

பாலக்கோடு:
எங்கள் மாடி கோப்பையில் வேறு தொல்லை. கீழ் ரூம் சீலிங்கில் மஞ்சளாக ஈரம். எதைப் பூசினாலும் நிற்கவில்லை.

தருமபுரி, பிளம்பிங் வேலை:
வென்ட் அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. கோப்பை டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் டேங்க் காற்றை மறிக்கிறது. உங்கள் ஜாலிக்கு அந்தத் தடுப்பே இல்லை. டைல்ஸ் போட்டாலும் நாற்றம் வரத்தான் செய்யும். அங்கே 50 மி.மீ. தண்ணீர் நிற்கிற நாணி டிராப் வையுங்கள். குளிக்கிற தண்ணீரை டேங்கில் விடாமல் தனி பைப்பில் வெளியே கொண்டு போங்கள். சோப்புத் தண்ணீர் நிறையப் போனால் மலம் மட்க நேரம் இல்லாமல் டேங்கிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

நிரப்பும் முன் கோப்பையும் டிராப்பும் சேரும் மூட்டைச் சோதித்துவிடுங்கள். சும்மா தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரியாது, தண்ணீர் மூட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். டிராப் வெளிவாயைப் பாலிதீனில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, கோப்பையில் பாதி வரை நிரப்பி, பென்சில் கோடு போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். பாலக்கோட்டுக்காரரே, உங்கள் மாடியிலும் முதலில் இந்த மூட்டைத்தான் சந்தேகப்படணும். ஆனால் திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

காவேரிப்பட்டணம்:
செய்து பார்த்தேன். அடைப்பு கசியவில்லை, ஆனால் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இறங்கிவிட்டது. மூட்டின் பின்பக்கம், கை எட்டாத இடத்தில் ஈரம். அங்கே வெள்ளை சிமெண்ட் மட்டும்தான் பூசியிருக்கிறார்.

தருமபுரி:
அதைச் சுரண்டி எடுங்கள். சணலைச் சிமெண்ட் பாலில் நனைத்து இடைவெளியில் சுற்றிலும் திணித்து, மேலே ஒன்றுக்கு ஒன்று சிமெண்ட் மணல் கலவை வையுங்கள். இறுகியதும் திரும்பவும் சோதியுங்கள். அப்புறம்தான் செங்கல் ஜல்லி நிரப்பணும். கோப்பை விளிம்பு டைல்ஸ் மட்டத்துக்கு மேலே நிற்கக் கூடாது, இல்லாவிட்டால் கழுவும் தண்ணீர் சுற்றிலும் தேங்கும். ஃபுட் ரெஸ்டைக் கடைசியில் வையுங்கள். வீட்டுப் பெரியவரைச் செருப்பில்லாமல் உட்காரச் சொல்லி, பாதம் படும் இடத்தைக் குறித்துக்கொண்டு பதிப்பது நல்லது.

காவேரிப்பட்டணம்:
சரிங்க அண்ணா, மூட்டை நாளைக்கே பிரிக்கச் சொல்கிறேன். தனி பைப்தான் சிக்கல். பின்பக்கம் பதினைந்து அடி தள்ளி போர்வெல் இருக்கு, முன்பக்கம் தெரு. குளியல் தண்ணீரை எங்கே இறக்குவது?