“சரியாக ஆறு மணி”, “ஆறு மணி வாக்கில்”: உங்களுக்கு நேர்ந்தவற்றைச் சொல்லுங்கள்

வயலின் மாணவி
என் ஆசிரியர் வாசித்த ஒரு சிறிய கச்சேரிக்குப் போயிருந்தேன். அழைப்பில் “மாலை சரியாக 6 மணி” என்று இருந்தது. நாங்கள் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றோம். அரங்கக் கதவு ஆறு மணிக்குத்தான் திறந்தது. எல்லோரும் உட்கார்ந்து, ஒலிபெருக்கியைச் சரிபார்த்து, முதல் சுரம் கேட்டபோது 6.35. அதே வாரம் வேறொருவர், “நாலு மணி வாக்கில் காணொளியில் கூடுவோம்” என்று செய்தி அனுப்பினார். 4.10க்குப் பலர் உள்ளே வந்தபோது அவர் பாதி விஷயத்தைப் பேசி முடித்திருந்தார். நேரத்தில் கறாராக இருப்பதா, கொஞ்சம் முன்பின் ஆகலாமா என்பதை வருகிறவர்களுக்கு நீங்கள் எப்படிப் புரியவைக்கிறீர்கள்? எது பலித்தது, எது பலிக்கவில்லை?

நேரம் தவறாதவன்
என் வழி எளிது. “6 மணி ஷார்ப்” என்று தடித்த எழுத்தில் போட்டுவிடுவேன். இன்னும் உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் முழு மணியைத் தவிர்த்து 6.10 என்று போடுவேன். ஆறு என்றால் எல்லோரும் தோராயமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 6.10 என்று உடைத்துச் சொன்னால், இதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று நினைத்து முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். பஸ் 6.10க்குப் புறப்படும் என்றால் யாராவது 6.20க்குப் போவார்களா? நான் நடத்தும் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான்.

மேடைக்குப் பின்னால்
6.10 என்பது நல்ல உத்திதான். ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் போட்டால் சில மாதங்களில் அதுவும் இன்னொரு ஆறு மணி ஆகிவிடும். ‘ஷார்ப்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். பத்து அழைப்பிலும் அது இருந்தால் பதினோராவதில் யார் கண்ணிலும் படாது.

நான் பல ஆண்டுகளாக நாடக மேடை நிர்வாகத்தில் இருக்கிறேன். வயலின் மாணவி சொன்ன கச்சேரியில் ‘சரியாக’ என்பது எதற்குச் சரியாக? கதவு திறப்பதற்கா, வந்து உட்கார்வதற்கா, முதல் சுரத்துக்கா? அமைப்பாளர் கதவை நினைத்து எழுதியிருக்கிறார், நீங்கள் சுரத்தை நினைத்துப் போயிருக்கிறீர்கள். இருவர் மனத்திலும் நேரம் உறுதியாகத்தான் இருந்தது, நிகழ்ச்சிதான் வேறு.

பிரிட்டன் நாடக அரங்குகளில் இதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. திரை 7.30க்கு எழும் என்றால் ‘ஹாஃப்’ என்ற அழைப்பு 6.55க்கு வரும். பெயர் அரை மணி, உண்மையில் 35 நிமிடம். தொடக்கக் காட்சி நடிகர்கள் தங்கள் இடத்துக்கு வர வேண்டிய நேரம் திரைக்கு 5 நிமிடம் முன்பு, அதாவது 7.25. அரை மணியை அங்கிருந்துதான் பின்னோக்கி எண்ணுகிறார்கள். ‘ஹாஃப்’ அழைப்புக்குள் நடிகர் உள்ளே இருக்க வேண்டும். அங்கே யாரும் ‘ஷார்ப்’ என்று சேர்த்துச் சொல்வதில்லை, தேவையும் இல்லை. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வேலை கட்டப்பட்டிருக்கிறது.

எங்கள் குழுவில் ஒத்திகைச் செய்தி முன்பு “ஞாயிறு, சரியாக 5 மணி” என்று மட்டும் போகும். ஐந்துக்கு வந்து பையை வைப்பவர், உடை மாற்றுபவர், நாற்காலி நகர்த்துபவர் என்று முதல் வசனம் வர 5.25 ஆகும். குறித்த நேரத்துக்கு வந்தவர்களுக்குத்தான் தண்டனை. இப்போது இப்படி அனுப்புகிறோம்: “4.40 முதல் கதவு திறந்திருக்கும். 5.00க்கு முதல் காட்சி தொடங்கும். அதன்பின் வருபவர்கள் அந்தக் காட்சி முடியும்வரை, சுமார் 20 நிமிடம், வெளியே இருக்க நேரிடும். 7 மணி வாக்கில் முடியும், பத்து நிமிடம் முன்பின் ஆகலாம்.” உறுதியானது ஒன்றே ஒன்றுதான், 5.00. மற்றவை நெகிழ்வானவை என்பதும் அதிலேயே தெரிகிறது. முக்கிய நடிகர் வராவிட்டாலும் ஐந்துக்குத் தொடங்கிவிடுவோம், அவர் வசனத்தை வேறொருவர் படிப்பார். ஒரு முறை காத்திருந்தாலும் அடுத்த செய்தியில் உள்ள 5.00க்கு மதிப்பு இருக்காது.

மூன்றாம் மாடி
எல்லோருடைய கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். எங்கள் அலுவலகச் சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் முந்தி ஓடும். எல்லோரும் கைப்பேசி நேரத்தையே பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

நேரம் தவறாதவன்
நாலு நிமிடத்தால் யாரும் 6.35க்குத் தொடங்குவதில்லை ஐயா. பேச்சு கடிகாரத்தைப் பற்றியதல்ல, அழைப்பின் சொல்லைப் பற்றியது.

ஆய்வகத்திலிருந்து
நான் ஜெர்மனியில் படிக்கிறேன். முதல் வாரம் வகுப்பு அட்டவணையில் 10 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தது. பத்துக்குப் போனால் அறை காலி. 10.15க்குப் பேராசிரியர் வந்து தொடங்கினார், ஒரு நிமிடமும் பிந்தவில்லை. அது லத்தீன் சொற்களின் சுருக்கம், குறித்த மணிக்குப் பின் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும் என்று பொருள். ‘எஸ்.டி.’ என்று இருந்தால் பத்து என்றால் பத்து. இங்கே ‘சி.டி.’யை நெகிழ்வு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அந்தக் கால் மணி நேரமும் அளந்து வைத்ததுதான். நமக்கும் இப்படி இரண்டு குறிகள் இருந்தால் எவ்வளவு நிம்மதி!

மேடைக்குப் பின்னால்
அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் அது பல்கலைக்கழகத்துக்குள் எல்லோரும் ஒரே வழக்கத்தில் ஊறியிருப்பதால் நடக்கிறது. புதிதாக வந்த உங்களுக்கே முதல் நாள் தெரியவில்லையே. வெளியாட்கள் வரும் நிகழ்ச்சிக்குக் குறி போதாது, வாக்கியம்தான் வேண்டும்.

விருந்துக்கு அழைப்பவள்
எல்லோரும் ‘சரியாக’ பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தொல்லை கொடுத்தது ‘வாக்கில்’. வீட்டுக்கு “ஏழு மணி வாக்கில் வாருங்கள்” என்று நண்பர்களை அழைத்தேன். ஒரு குடும்பம் 6.40க்கு வந்தது, இன்னொன்று 7.45க்கு. இரண்டு பேரும் சொன்ன சொல்லை மீறவில்லை! ஏழுக்கு முன்னும் பின்னும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது. எனக்கு வேண்டியிருந்ததோ பின்பக்கம் மட்டும். ஏழுக்கு முன் யார் வந்தாலும் எனக்குக் கை ஓயாது.

இப்போது “ஏழு மணிக்கு மேல் வாருங்கள், ஏழரைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்” என்கிறேன். ‘மேல்’ ஒரு பக்கத்தை அடைக்கிறது, ‘குள்’ மறுபக்கத்தை. நெருங்கியவர்களிடம் “ஏழு, ஏழரைக்கு” என்றாலே போதும், அரை மணி நேரம் தாராளமாக இருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். ரயிலில் ஏற்றிவிட வருபவரிடம் மட்டும் “ஐந்து மணி வாக்கில்” என்று சொல்லவே மாட்டேன், “ஐந்து மணிக்கெல்லாம் இங்கே இருக்க வேண்டும்” என்பேன்.

வயலின் மாணவி
கச்சேரி அமைப்பாளரிடம் கேட்டேன். அவர் மனத்தில் ஆறு என்பது கதவு திறக்கும் நேரம்தானாம், மேடைக்குப் பின்னால் சொன்னது அப்படியே பொருந்துகிறது. ‘கதவு 6.00, முதல் பாட்டு 6.30’ என்று இரண்டையும் போடலாமே என்றேன். 6.30ஐப் பார்த்தால் எல்லோரும் 6.29க்கு வருவார்கள், வாசலில் நெரிசலாகும் என்கிறார்.

மேடைக்குப் பின்னால்
அவர் பயம் நியாயமானது. “6.25க்குள் இருக்கையில் அமர்ந்துவிடுங்கள்” என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நெரிசல் முழுவதும் போகாது, குறையும்.

விருந்துக்கு அழைப்பவள்
எப்போதும் பிந்தி வரும் ஓர் உறவினருக்கு மட்டும் அரை மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிடுவது சரியா? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

நேரம் தவறாதவன்
தாராளமாகச் சொல்லலாம். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டுமே.

மேடைக்குப் பின்னால்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருநாள் அவர் சொன்ன நேரத்துக்கே வந்து, யாரும் தயாராக இல்லாததைப் பார்ப்பார். அதற்குப் பிறகு நீங்கள் எந்த நேரம் சொன்னாலும் அவராகவே அரை மணியைக் கூட்டிக்கொள்வார்.

விருந்துக்கு அழைப்பவள்
இதுவரை அப்படி வந்ததில்லை. வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.