புதுப்பிப்பு: மண்டபம் மீன் கடை டேட்டாபேஸை மீட்டுப் பார்த்தாச்சு

போன வாரம் இங்கே நான் கேட்டது: "மீன் கமிஷன் கடை, ராத்திரி 11 மணிக்கு பேக்கப் ஓடுது, போதுமா?"

போதாது. ஏலக் கணக்கு ஏறுவதே காலை 5 முதல் 9 வரை. 10 மணிக்கு டிஸ்க் போனால் அன்றைய ஏலம் முழுக்கப் போச்சு, துண்டுச் சீட்டும் ஈரத்தில் ஊறிவிடும். 15 நிமிடக் கணக்கு போனால் சமாளிக்கலாம் என்றார் முதலாளி. அதனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை `FLUSH BINARY LOGS` கொடுத்து, முடிந்த பின்லாக்கை ராமநாதபுரத்துக் கணினிக்கு நகலெடுக்கிறேன்.

பதிலில் ரெப்ளிகா போதும் என்ற தம்பி பாதி சரி. தவறான `DELETE` அங்கேயும் ஓடிவிடுமே. யுபிஎஸ் வாங்கச் சொன்ன அண்ணே, அது வேறு கதை.

பேக்கப்பை ஒருமுறை மீட்டுப் பார்க்கச் சொன்ன அக்கா பிழைக்க வைத்தார். மீட்க ஒரு மணி நேரம் என்று நினைத்தேன்: இம்போர்ட் 40 நிமிடம்தான், ஆனால் MySQL நிறுவி, பாஸ்வேர்டு தேடி, பின்லாக்கை வரிசையாக ஏற்றி முடிக்க 3 மணி நேரம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி நெட்டும் போன நாளில் என்ன செய்வது? படகே போகாது, புதுக் கணக்கு இருக்காது; பழைய பாக்கியைக் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன காட்டுவது என்றுதான் தெரியவில்லை.