கலைச்சொல்: டிரை லீஸ், வெட் லீஸ், பேர்போட், டைம் சார்ட்டர்

இளங்கோ:
விமானக் குத்தகை பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். டிரை லீஸுக்கு 'உலர் குத்தகை', வெட் லீஸுக்கு 'ஈரக் குத்தகை' என்று யாரோ முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். படித்தால் விமானம் மழையில் நனைந்து நிற்பது போல இருக்கிறது. ஈரம் என்பது எரிபொருள்தானே, 'எரிபொருளுடன் குத்தகை', 'எரிபொருளின்றிக் குத்தகை' என்று வைத்துவிடலாமா? கையேட்டின் பின்பகுதியில் கப்பலுக்குப் பேர்போட், டைம் சார்ட்டர் என்றும் வருகிறது, அதற்கும் சொல் வேண்டும்.

மீனாட்சி:
எரிபொருள் வேண்டாம் இளங்கோ, எல்லாரும் சறுக்குகிற இடம் அது. விமான நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் வெட் லீஸில் விமானம், ஆட்கள், பராமரிப்பு, காப்பீடு நான்கும் கொடுப்பவருடையவை. எரிபொருளும் விமான நிலையக் கட்டணங்களும் வழக்கமாக எடுப்பவர் தலையில்தான். விமானம் மட்டும் வரும் டிரை லீஸிலும் எரிபொருள் எடுப்பவருடையதே. ஆக இரண்டையும் பிரித்துக் காட்ட அது உதவாது. பிரிப்பது வேறு: விமானி யாருடைய ஆள், எந்த நிறுவனத்தின் இயக்க அனுமதியில் அது பறக்கிறது என்பதுதான். வெட் லீஸில் பயணச்சீட்டில் எடுத்தவரின் பெயர் இருக்கும், ஆனால் பறத்தலின் பாதுகாப்புக்குக் கொடுத்தவர் பொறுப்பு.

ரகு:
நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டபோது மணிக்கணக்கு வாடகையில் 'வெட்' என்றால் பெட்ரோலோடு சேர்த்த விலை, 'டிரை' என்றால் பெட்ரோல் தனி. ஒருமுறை டிரை விலையைப் பார்த்து மலிவு என்று எடுத்துவிட்டு, இறங்கியதும் வந்த பில்லைப் பார்த்து முழித்தேன். அப்படியென்றால் இளங்கோ சொல்வது சரிதானே?

மீனாட்சி:
பயிற்சி விமானத்துக்கு அது சரி, ஓட்டுகிறவர் நீங்களே என்பதால் அங்கே ஆள் என்ற கேள்வியே எழாது. ஒரே சொல்லுக்கு இரண்டு வழக்கு. இளங்கோவின் கையேடு பெரிய விமானங்களைப் பற்றியது.

கப்பலுக்கு வருவோம், அங்கே இது இன்னும் தெளிவு. பேர்போட் என்றால் வெறும் கப்பல். கேப்டன் முதல் சமையல்காரர் வரை எடுப்பவரே அமர்த்துவார், பழுதும் காப்பீடும் பெரும்பாலும் அவருடையவை, ஒப்பந்தம் முடியும்வரை கப்பல் அவர் கையில். டைம் சார்ட்டரில் ஆட்கள் உரிமையாளரின் ஆட்கள். எங்கே போ, எதை ஏற்று என்று சொல்வது மட்டும் எடுத்தவர், கூடவே எரிபொருளும் துறைமுகச் செலவும் அவருடையவை. வெட் லீஸோடு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். நாளுக்கு 12,000 டாலர் என்று டைம் சார்ட்டரில் எடுத்த கப்பலின் எஞ்சின் நடுக்கடலில் 36 மணி நேரம் நின்றுபோகிறது. அந்த நேரத்துக்கு வாடகை ஓடாது, 18,000 டாலர் கழியும், பழுது பார்ப்பது உரிமையாளர். இதற்கு ஆஃப்-ஹயர் என்று பெயர். எந்த நிமிடத்தில் நின்றது, எந்த நிமிடத்தில் மறுபடி கிளம்பியது என்று இரு தரப்பும் கப்பலின் பதிவேட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதுதான் என் பழைய வேலையில் பாதி. அதே எஞ்சின் பேர்போட் கப்பலில் நின்றால்? எடுத்தவரின் ஆள், எடுத்தவரின் பராமரிப்பு, வாடகையும் நிற்காமல் ஓடும்.

அதனால் என் யோசனை: கலம் கைமாறுகிற டிரை லீஸும் பேர்போட்டும் 'வெறுங்கலக் குத்தகை'. ஆளோடு வரும் மற்ற இரண்டும் 'கல அமர்த்தம்'. குத்தகை என்றாலே நிலம் எடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது அல்லவா. ஓட்டுநரோடு வண்டி பிடித்தால் அமர்த்தினோம் என்கிறோம்.

நாசர்:
'ஆளில்லாக் குத்தகை', 'ஆளுடன் குத்தகை' இன்னும் எளிதாயிற்றே?

ரகு:
ஆளில்லா என்றால் டிரோன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இளங்கோ:
'வெறுங்கலம்' பிடித்திருக்கிறது. விமானத்தையும் கலம் என்று ஏற்பார்களா தெரியவில்லை, விண்கலம் என்கிறோமே, பார்ப்போம். 'அமர்த்தம்'தான் இடிக்கிறது. மூலத்தில் 'லீஸ்' என்று இருப்பதை நான் குத்தகை இல்லை என்று எழுதினால் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் தப்பு என்பார். டைம் சார்ட்டரைக் 'காலக் குத்தகை' என்றே விட்டுவிடலாமா?

மீனாட்சி:
பேர்போட்டும் காலத்துக்குத்தான், பல சமயம் பல ஆண்டுகளுக்கு. அந்த 'டைம்' பேர்போட்டிலிருந்து பிரிக்க வந்ததில்லை, ஒரு பயணத்துக்கு, பெரும்பாலும் சரக்கின் டன் கணக்கில், பேசும் வாயேஜ் சார்ட்டரிலிருந்து பிரிக்க வந்தது. 'கால அமர்த்தம்', 'பயண அமர்த்தம்' என்றால் இரண்டும் ஒரு வரிசையில் உட்காரும். லீஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வெட் லீஸுக்கு மட்டும் 'ஆளுடன் குத்தகை' என்று நாசர் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாசர்:
அப்புறம் டாம்ப் லீஸ்? விமானி அவர்கள் ஆள், பணிப்பெண்கள் நம் ஆள். அரை ஆளுடனா?