தூதரக அப்பாயின்ட்மென்ட்: எந்தக் கட்டடம், எந்த வாசல், எத்தனை மணி?

கேள்வி: லண்டன் வந்து மூன்று மாதம் ஆகிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வியாழன் காலை 10:15-க்கு அப்பாயின்ட்மென்ட். மேப்பில் இந்திய ஹைகமிஷன் ஆல்ட்விச்சில் காட்டுகிறது, மாலை வரை திறந்திருக்குமாம். அங்கேயே போய்விடலாமா?

முதல் பதில்: ஆமாம், ஆல்ட்விச் இந்தியா ஹவுஸ்தான். கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை.

இரண்டாவது பதில்: தம்பி, அவசரப்படாதீர்கள். ஹைகமிஷன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சாதாரண பாஸ்போர்ட் விண்ணப்பங்களை வாங்குவது வெளி நிறுவனத்தின் மையங்கள். மையம் ஒன்றல்ல, பல. புக் செய்தபோது எதைத் தேர்ந்தீர்களோ, அங்கேதான் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும்.

உறுதிக் கடிதத்தைத் திறந்து, அதிலுள்ள போஸ்ட்கோடை அப்படியே மேப்பில் போடுங்கள். பெயரைத் தேடினால் தலைமைக் கட்டடம்தான் முதலில் வரும். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். பிறகு hcilondon.gov.in போய், அதிலுள்ள இணைப்பு வழியாகவே மையத்தின் தளத்துக்குச் சென்று முகவரியை ஒப்பிடுங்கள். நேராகத் தேடினால் அதே மாதிரித் தோற்றத்தில் ஏஜென்ட் தளங்களும் வரும்.

மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். விண்ணப்பம் வாங்கும் நேரம், பாஸ்போர்ட் திருப்பித் தரும் நேரம், அலுவலக நேரம் மூன்றும் வேறாக இருக்கலாம். விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள். தூதரகங்கள் சொந்த நாட்டு விடுமுறையோடு அங்குள்ள விடுமுறை சிலவற்றையும் சேர்த்துத்தான் பட்டியல் போடும். ஆகஸ்ட் 15 லண்டனில் சாதாரண வேலை நாள், ஹைகமிஷனுக்கு அப்படியல்ல.

மூன்றாவது பதில்: எனக்கு அமெரிக்க விசா நேர்காணல். உறவினர் குரோவ்னர் சதுக்கம் என்கிறார். அதுவும் வெளி மையமா அக்கா?

இரண்டாவது பதில்: இல்லை, அது பழைய முகவரி. 2018 ஜனவரியில் தேம்ஸின் தென்கரையில் நைன் எல்ம்ஸுக்கு மாறிவிட்டார்கள். மேஃபேரில் இருக்கும் அந்தச் சதுக்கத்தில் போய் நின்றுவிட்டு ஆற்றைக் கடந்து வருவதற்குள் நேரம் தாண்டிவிடும். நேர்காணல் தூதரகத்திலேயே நடக்கும். ஆனால் இப்படிப்பட்ட பெரிய வளாகங்களில் விசாவுக்கு வருபவர்களுக்கு ஒரு வாசல், ஊழியர்களுக்கு வேறு வாசல். போஸ்ட்கோடு வளாகத்தைக் காட்டுமே தவிர வாசலைக் காட்டாது. எந்தப் பக்கம் வரிசை என்று கடிதத்தில் தேடுங்கள். ஸ்ட்ரீட் வியூ பார்ப்பதானால், படம் எடுத்த மாதமும் ஆண்டும் ஓரத்தில் இருக்கும். பழைய படமென்றால் கணக்கில் எடுக்காதீர்கள்.

முதல் பதில்: நான் சொன்னது பாதிதான் சரி, மன்னிக்கவும். போனில் கேட்டு உறுதி செய்தால் போதாதா?

நான்காவது பதில்: மூன்று நாள் அடித்தேன், பதிவுக்குரல்தான் வந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது, அதுவும் அப்பாயின்ட்மென்ட் முடிந்த பிறகு.

இரண்டாவது பதில்: எனக்குத் தெரிந்த சிலருக்கு மறுநாளே பதில் வந்திருக்கிறது. அதை நம்பி இருக்க வேண்டாம். முந்தைய நாள் மாலை தளத்தின் அறிவிப்புப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். திடீர் மூடல் முதலில் அங்கேதான் வரும். கடிதத்தைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. போனை அணைக்கச் சொல்லிவிட்டால் வாசலில் காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி கேட்டவர்: கடிதத்தைப் பார்த்தேன். போஸ்ட்கோடு ஆல்ட்விச் இல்லை! மனைவியும் உள்ளே வரலாமா என்று மட்டும் எங்கும் போடவில்லை.