புதுப்பிப்பு: வீட்டு வேலை பார் சார்ட்டில் தேதியைப் பிடித்து நிறுத்துவது எது

"திருமங்கலத்துல 800 சதுர அடி வீடு. பார் சார்ட் போட்டாச்சு. எந்த வேலை தள்ளிப்போனா குடிபோற தேதி தள்ளும்?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

மேஸ்திரி அண்ணன் சொன்னபடி, சார்ட்டில் ஒவ்வொரு வேலையின் பட்டைக்கும் பக்கத்தில் 'இதுக்கு முன்னாடி எது முடியணும்' என்று எழுதினேன். விடை அதிலேயே தெரிந்துவிட்டது. 60-ம் நாள் கூரை கான்கிரீட். பீம் 6 மீட்டருக்குள் இருப்பதால் அதன் முட்டு 14 நாள் நிற்கணும். முட்டு எடுத்த பிறகு உள்பூச்சு 75-ல் தொடங்கி 86-ல் முடியும், 87-ல் டைல்ஸ். இந்த வரிசையில் எது தள்ளிப்போனாலும் குடிபோகும் தேதி தள்ளும். ஆள் யாரும் வேலை செய்யாத அந்த 14 நாளையும் தனிப் பட்டையாகப் போடுங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

'நீளமான பட்டைதான் தேதியை முடிவு பண்ணும்' என்று தம்பி சொன்னது பாதி சரி. காம்பவுண்டு சுவர் 20 நாள் இழுக்கும், ஆனால் எதையும் காக்க வைக்காது. செப்டிக் டேங்குக்கு 10 நாள் வேலை. 61 முதல் 86-க்குள் எப்போது செய்தாலும் சரி, 16 நாள் கையிருப்பு. அதற்கு மேல் தாமதித்தால் பாத்ரூம் டைல்ஸ் நிற்கும்.

மேலூர் அக்கா கேட்டது மாடி வீடு. மேல் கூரைக்கு முட்டு கொடுக்கும்போது கீழ்த்தளமும் பாரம் தாங்கணும், அது வேறு கணக்கு.

ஐப்பசி மழைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பதில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. அண்ணன் 10 என்கிறார், இன்ஜினியர் 5 என்கிறார்.