சாப்பிட்ட பிறகுதான் போட்டேன், வயிறும் வலிக்கவில்லை

படிக்கட்டுப் பகைவன்:
வயது 61. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் 50 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று என்று மூன்று வாரம் விழுங்கினேன். ஒரு வேளைகூட வெறும் வயிற்றில் போட்டதில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 மி.கி. நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. பழகிப்போனதால் அது மருந்து என்பதே மறந்துவிட்டது. வலி மாத்திரை எழுதியவரிடமும் சொல்லவில்லை.

இருபதாம் நாள் காலை மலம் கறுப்பாகப் போனது. வெறும் கறுப்பு இல்லை, சாலை போடும் தார் போன்ற பளபளப்பு. பீங்கானில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாளித் தண்ணீருக்கும் அசையவில்லை. நாற்றமும் வேறு மாதிரி, குமட்டியது. அஜீரணம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கட்டிலைவிட்டு எழுந்தவன் கண் இருண்டு சுவரைப் பிடித்தேன். மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 7.9. நான்கு மாதம் முன்பு 13.4 இருந்தது. எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு புண்கள், ஒன்றிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

வயிறு வலித்ததா என்று மூன்று முறை கேட்டார்கள். இல்லவே இல்லை. சாப்பிட்ட பிறகு போட்டும் ஏன் இப்படி?

ஊசியே துணை:
இதற்குத்தான் நான் மாத்திரையே தொடுவதில்லை. இடுப்பு வலி வந்தால் ஊசி. வயிற்றுக்குள் போனால்தானே புண் வரும்?

பழைய மருந்தாளுநர்:
முப்பது ஆண்டு மருந்துக்கடையில் நின்றவன். ஊசிக்காரரே, அந்தக் கணக்குப் பாதிதான் சரி. மாத்திரை இரைப்பைச் சுவரில் நேரடியாகப் பட்டு உறுத்துவது சிறு பங்கு. உணவு அதைத்தான் குறைக்கிறது. எரிச்சலும் குமட்டலும் அடங்கும், அவ்வளவே. பெரிய கேடு இரத்தத்தின் வழியாக வருகிறது. வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைத்தான் இந்த மருந்துகள் தடுக்கின்றன. இரைப்பைச் சுவரின் மேல் வழவழப்பான சளிப்படலத்தைக் காத்து நிற்பதும் அதே பொருள்தான். அது குறைந்தால் இரைப்பையின் அமிலம் தன் சுவரையே அரிக்கும். ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியே வைத்தாலும் இதேதான்.

வலிக்காததிலும் வியப்பில்லை. வலியை மறைக்கும் மருந்து புண்ணின் வலியை மட்டும் விட்டுவைக்குமா? உங்கள் விஷயத்தில் ஆஸ்பிரினும் சேர்ந்துவிட்டது. குறைந்த அளவாக இருந்தாலும் அதுவும் அதே குடும்பம்தான். இரத்தம் உறைவதையும் தடுக்கும். 60 வயதைத் தாண்டி இரண்டும் சேரும்போது, வலி மாத்திரை ஓடும் நாள்வரை பாண்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பியையும் மருத்துவர்கள் எழுதுவது வழக்கம். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டும். பலர் எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிச் சாப்பிட்ட பின் விழுங்குகிறார்கள். பயன் அங்கேயே குறைந்துவிடலாம்.

இரும்பு மாத்திரை:
கறுப்பு என்றாலே ஏன் பதறுகிறீர்கள்? எனக்கு ஆறு மாதமாகக் கறுப்புதான். இரும்புச்சத்து மாத்திரையால் வருவது, ஒன்றும் ஆகாது.

பழைய மருந்தாளுநர்:
உங்களுக்குச் சரி. இரும்பினால் வருவது கரும்பச்சையாக, சாதாரண மலம்போலக் கெட்டியாக இருக்கும். தார்போல ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. ஆனால் இரும்பும் வலி மாத்திரையும் சேர்ந்து போடுகிறவர் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காப்பித் தூள் கரைத்தது போன்ற வாந்தி, எழுந்ததும் தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மறுநாளுக்கு ஒத்திவைக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவு.

மூத்த மகள்:
அம்மாவின் மருந்துப் பையை இப்போதுதான் கொட்டிப் பார்த்தேன். எலும்பு மருத்துவர் கொடுத்தது ஒரு பட்டை, பல் மருத்துவர் கொடுத்தது இன்னொன்று. பெயர் வேறு, நிறம் வேறு. பின்னால் பொடி எழுத்தில் ஒன்றில் ஐபுப்ரோஃபென், மற்றதில் நாப்ராக்ஸென். இரண்டு வாரமாக இரண்டும் ஓடுகிறது! மலம் கறுக்கவில்லை என்கிறார். ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

பழைய மருந்தாளுநர்:
இரண்டும் ஒரே வகை. சேர்த்தால் வலி பெரிதாகக் குறைந்துவிடாது, வயிற்றுக்குத்தான் இரட்டை அடி. அடுத்த வேளை போட வேண்டாம். இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் நிறமே மாறாமல் சோகை மட்டும் தெரியலாம். மூச்சு வாங்குவது இதயத்தாலும் இருக்கலாம், இங்கிருந்து சொல்ல முடியாது. இன்றே மருத்துவரிடம் இரண்டு பட்டைகளையும் காட்டி, ஹீமோகுளோபின் பாருங்கள்.

ஊசியே துணை:
ஆண்டுக்கு இரண்டு ஊசிதான் போடுகிறேன். எனக்கு ஒன்றும் வந்ததில்லை. அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

படிக்கட்டுப் பகைவன்:
ஆண்டுக்கு இரண்டு என்றால் நானும் உங்களைப் போலவே பேசியிருப்பேன். எனக்கு ஆஸ்பிரினை நிறுத்தாமல் பாண்டோபிரசோலோடு தொடரச் சொல்லிவிட்டார்கள். புண்ணிலிருந்து எடுத்த சதையில் கிருமி இருக்கிறதா என்ற முடிவு இன்னும் வரவில்லை. முழங்காலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். அது பாதி வலிக்குக்கூடப் போதவில்லை. இரவில் மாடிக்குப் போகாமல் கீழறையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

மூத்த மகள்:
அம்மாவோடு கிளம்பிவிட்டேன். இரண்டு பட்டையும் கைப்பையில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன்.